இணையவழி யோகா வகுப்புக்கு வரவேற்புரை எழுதுவது எப்படி? முதல் வரைவிலிருந்து கடைசி வடிவம் வரை

இணையத்தில் வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, முகப்பில் போடுவதற்காக நான் எழுதிய முதல் வரவேற்புரை இதுதான்:

> வணக்கம்! எங்கள் யோகா மையத்தின் இணையதளத்துக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். பல்லாயிரம் ஆண்டுகள் பழமையான யோகக்கலை உடல், மனம், ஆன்மா மூன்றையும் ஒருங்கிணைக்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், முதுகுவலி, மன அழுத்தம் அனைத்துக்கும் யோகாவே தீர்வு. ஒவ்வொருவருக்கும் தனிக்கவனம் அளிக்கப்படும். வீட்டிலிருந்தபடியே அனைவரும் ஒன்றாக ஓங்காரம் எழுப்பிப் பயன்பெறுங்கள்!

எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பத் திருப்தி. இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. 'மையம்' என்று எழுதியிருக்கிறேனே, அந்த மையம் என் வீட்டு முன்னறை. 'வரவேற்கிறோம்' என்கிறேனே, அந்த 'நாங்கள்' யார்? நான் ஒருத்திதான். ஓங்காரத்தை எல்லோரும் ஒன்றாக எழுப்ப முடியாது என்பது முதல் நாள் வகுப்பிலேயே தெரிந்துபோனது. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு தாமதத்தோடு வந்து சேர, அது சந்தை இரைச்சல் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு நான் மட்டும் சொல்கிறேன்.

இந்த வரைவை எப்படி மாற்றினேன் என்பதையே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் வகுப்பு வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் எழுதும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

முதலில் எழுதாதீர்கள், கேள்விகளைச் சேருங்கள்

வகுப்பைப் பற்றி விசாரித்தவர்கள் உங்களிடம் கேட்டதை எல்லாம் ஒரு தாளில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டது, வாட்ஸ்அப்பில் வந்தது, சொந்தக்காரர் யாரோ போகிறபோக்கில் கேட்டது, எல்லாம் சேரட்டும். பதினைந்து இருபது சேர்ந்தால் போதும். என் தாளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை: "எனக்கு உடம்பே வளையாது, நான் சேரலாமா?" "கேமரா போட்டே ஆகணுமா? மத்தவங்க பார்ப்பாங்களே." "தப்பா செஞ்சா உங்களுக்குத் தெரியுமா?" "முழங்கால் வலி இருக்கு, பரவாயில்லையா?" "ஒருநாள் வர முடியலைன்னா?"

என் முதல் வரைவை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்குக்கூட அதில் பதில் இல்லை. யோகா எவ்வளவு பழமையானது என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

கேள்விகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவை இரண்டே பயங்களில் அடங்கிவிடும். ஒன்று, 'என் உடம்புக்கு இது ஆகுமா?' இன்னொன்று, 'திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த அம்மாவால் என்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா?' நேரடி வகுப்பில் இரண்டாவது பயம் பெரிதாக எழாது. தோள் உயர்ந்திருந்தால் ஆசிரியர் வந்து கை வைத்து இறக்கிவிடுவார். இணையத்தில் அந்தக் கை இல்லை. வரவேற்புரையின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது பயத்தோடுதான்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்

'அனைவருக்கும் ஏற்ற வகுப்பு' என்று எழுதினால் யாருமே தன்னைச் சொன்னதாக நினைக்கமாட்டார்கள். உங்களிடம் ஏற்கெனவே வருபவர்களில் யார் அதிகம், யாருக்குக் கற்றுக்கொடுப்பதில் உங்களுக்குக் கை தேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், யோகா செய்தே பழக்கமில்லாதவர்கள். அதனால் முதல் வரி இப்படி மாறியது:

> நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து இடுப்பும் தோளும் இறுகிப்போனவர்களுக்கான யோகா வகுப்பு இது.

இதைப் படித்து ஒரு இருபது வயதுக்காரர் விலகிப்போகலாம். போகட்டும், அவர் தேடுவது வேறு வகுப்பு.

இந்த வரியை எழுதும்போது தமிழில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். முதலாவது 'தங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்ற அழைப்பிதழ் நடை. கல்யாணப் பத்திரிகையில் அது அழகு. ஆனால் தினமும் காலையில் பேசப்போகிற ஒருவரிடம் 'நீங்கள்', 'நான்' என்று பேசுவதே இயல்பு. தனியாக வகுப்பு எடுப்பவர் 'நாங்கள்' என்று எழுதினால், யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

இரண்டாவது ஆசனங்களின் பெயர். சவாசனம், சூரிய நமஸ்காரம் இரண்டும் யோகா பக்கமே போகாதவர்களுக்கும் தெரியும். 'அதோமுக ஸ்வானாசனம்' என்று முகப்பில் எழுதினால் புதிதாக வருபவர் மிரண்டுபோவார். வகுப்பில் கற்றுக்கொள்ளட்டும். வரவேற்புரையில் 'நின்று செய்யும் ஆசனங்கள்' என்றாலே போதும்.

பெரும்பாலானவர்கள் கைப்பேசியில்தான் படிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. என் கைப்பேசியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அடங்குகின்றன. மேலே ஒரு படமும் இருந்தால், விரலால் தள்ளாமலேயே கண்ணில் படுவது முப்பது நாற்பது சொற்கள்தான். அதற்குள் யாருக்கான வகுப்பு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது வந்துவிட வேண்டும். நேரத்தை எழுதும்போது அது எந்த நாட்டு நேரம் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவராவது வருவார். சில நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரத்தில் அவர் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார்.

'தனிக்கவனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்

இதுதான் வரவேற்புரையின் முக்கியமான பகுதி, எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

தனிக்கவனம் தருவதாக எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மையா என்பதை வகுப்பில் எத்தனை பேர் என்ற எண்தான் சொல்லும். கணினியில் ஜூமைத் திறந்து எல்லோரையும் கட்டம் கட்டமாகக் காட்டும் அமைப்பில் வைத்தால், ஒரு பக்கத்தில் வழக்கமாக 25 பேர் வரை தெரிவார்கள். பேசிக்கொள்ளும் கூட்டத்துக்கு அது சரி, முகம்தானே தெரிய வேண்டும். யோகாவில் ஒருவர் முழு உடம்போடு கட்டத்துக்குள் நிற்கிறார், அதனால் ஆளே கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறார். வீரபத்ராசனத்தில் முன்காலின் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று அந்த அளவில் தெரியாது. 12 பேர் என்றால் நான்குக்கு மூன்று கட்டங்கள். என் மடிக்கணினியில் முழங்கால் தெரிகிறது. 16 பேரை வைத்து ஒரு மாதம் முயன்றேன், கடைசி வரிசைக்கு நான் எதுவுமே சொல்லவில்லை என்று பிறகுதான் உறைத்தது. ஆகவே என் எண் 12. நீங்களும் நண்பர்களை வைத்து ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். எத்தனையாவது ஆளோடு முழங்கால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ, அதற்கு முந்தைய எண்ணை வரவேற்புரையில் எழுதுங்கள்.

எண்ணை எழுதினால் மட்டும் போதாது. நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும். பல இணைய வகுப்புகளில் ஆசிரியர் வகுப்பு முழுக்கத் தானே ஆசனம் செய்துகொண்டிருப்பார். குனிந்திருக்கும்போது அவரால் திரையைப் பார்க்க முடியாது. நான் புதிய ஆசனத்தை ஒருமுறை செய்துகாட்டுவேன். அப்புறம் யோகா மேட்டை விட்டு எழுந்து திரைக்கு முன்னால் வந்து, பெயர் சொல்லிச் சொல்லித் திருத்துவேன். இதைச் சொன்ன ஒரு வரிதான் என் வரவேற்புரையிலேயே அதிகம் பேர் நினைவில் வைத்திருந்த வரி:

> நீங்கள் ஆசனம் செய்யும்போது நான் செய்யமாட்டேன், உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை எழுதிவிட்டால் கேமரா கட்டாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கேதான் தயக்கம் வரும், பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. முன்பின் தெரியாத பதினொரு பேர் தன்னைப் பார்ப்பார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஜூமில் Focus Mode என்று ஒரு வசதி இருக்கிறது. வகுப்பை நடத்துபவர் அதை இயக்கினால், அவரால் எல்லோரையும் பார்க்க முடியும், மாணவர்களுக்கோ நடத்துபவரையும் தங்களையும் தவிர வேறு யாருடைய படமும் தெரியாது. முதல் வகுப்புக்கு முன்பே அதை முயன்று பாருங்கள். உங்கள் கணக்கில் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, 'உங்களை நான் மட்டுமே பார்ப்பேன்' என்று எழுதுங்கள். செய்ய முடியாததை எழுதிவிட்டு முதல் நாளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

வகுப்பைப் பதிவுசெய்து தருவதாக இருந்தால் அங்கேயும் இதே கவனம் வேண்டும். நான் கைப்பேசியை ஓரமாக நிறுத்தி என்னை மட்டும் தனியாகப் பதிவுசெய்கிறேன். மாணவர்கள் முகமோ பெயரோ அதில் வராது.

கேமராவை எங்கே வைப்பது என்ற விவரம் வரவேற்புரைக்குள் வேண்டாம். சேர்ந்தவருக்கு அனுப்பும் செய்தியில் எழுதுங்கள்: மேட்டின் நீளப்பக்கம் கேமராவைப் பார்த்திருக்கட்டும், மேட்டிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி, ஒரு நாற்காலியின் இருக்கை உயரத்தில் கேமரா இருக்கட்டும், வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவேண்டாம். அப்போதுதான் நின்றாலும் படுத்தாலும் உடம்பு முழுக்கத் தெரியும். முகப்பில் 'மேட் விரிக்க இடமும் கேமரா வைக்க ஒரு நாற்காலியும் போதும்' என்றாலே ஆள் நிம்மதியடைவார்.

நோய்ப் பட்டியலை எப்படி மாற்றுவது

'நீரிழிவு, ரத்த அழுத்தம் அனைத்துக்கும் தீர்வு' என்ற வரியை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. எல்லோரும்தானே எழுதுகிறார்கள் என்று தோன்றியது. அதை எடுக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று ஒருவர் கேட்டார். நான் எழுதிய வரியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் அது. தப்பு அவருடையது அல்ல.

சொல்லக்கூடியது எது, கூடாதது எது? நீண்டகால இடுப்பு வலி உள்ளவர்கள் எந்த உடற்பயிற்சியும் செய்யாமல் இருப்பதைவிட யோகா செய்தால் அன்றாட நடமாட்டத்தில் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கிறது என்று ஆய்வுகளில் தெரிகிறது. ஓரளவுதான். 'முதுகுவலி பறந்துபோகும்' என்பது அதற்கு மேல் போவது. நான் 'குணமாகும்', 'தீரும்', 'நீங்கும்' என்ற மூன்று சொற்களையும் தேடித்தேடி எடுத்துவிட்டு, மாணவரே தன் உடம்பில் கவனிக்கக்கூடியதை எழுதினேன்: காலையில் எழும்போது இடுப்பு அவ்வளவு இறுக்கமாக இல்லை என்பது போல. அதையும் 'பலர் சொல்கிறார்கள்' என்றுதான் எழுதினேன், வாக்குறுதியாக அல்ல.

அடுத்தது, யார் முதலில் உங்களிடம் பேசிவிட்டுச் சேர வேண்டும் என்பது. நேரடி வகுப்பில் ஒருவர் நடந்து வரும்போதே முழங்காலைக் கவனித்துவிடுவோம். இணையத்தில் அவர் சொன்னால்தான் தெரியும். கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இந்தப் பட்டியலில் அவசியம் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. தலை இதயத்துக்குக் கீழே போகும் நிலைகளில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் உயர்கிறது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிந்தால் முதுகெலும்பில் முறிவு ஏற்படும் அபாயம் உண்டு. வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி கர்ப்பிணிகளுக்கும் கட்டுப்பாடற்ற ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது.

ஆனால் இத்தனையையும் முகப்பில் கொட்டினால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் மாதிரி ஆகிவிடும். முகப்பில் ஒரே வாக்கியம், முழுப் பட்டியல் சேரும் படிவத்தில். அந்த ஒரு வாக்கியமும் 'இவர்கள் வரக்கூடாது' என்று முடியாமல், 'சேரும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்' என்று முடியட்டும். பெரும்பாலோருக்கு ஆசனத்தை மாற்றிக் கொடுக்க முடியும். முடியாத சிலரை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லலாம்.

உங்களைப் பற்றி மூன்று வாக்கியம்

எவ்வளவு காலமாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள், எவ்வளவு பயிற்சி பெற்றீர்கள், இந்த மாதிரி மாணவர்களோடு என்ன பழக்கம். அவ்வளவுதான். பயிற்சியை மணிக்கணக்கில் எழுதுவது நல்லது. 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி என்பது பரவலாகத் தெரிந்த அளவு, 'முறையாகப் பயின்றவர்' என்பதைவிடத் தெளிவானது. இணையத்தில் இதுதான் முதல் முறை என்றால் அதை மறைக்காதீர்கள். நான் எழுதினேன், ஒருவரும் அதற்காகப் போய்விடவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்

அழையுங்கள், படிவம் நிரப்புங்கள், காணொளி பாருங்கள், குழுவில் சேருங்கள் என்று நான்கைச் சொன்னால் படிப்பவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் அது கட்டணமில்லாத முதல் வகுப்பாக இருக்கலாம், ஏனென்றால் கேமரா பயம் ஒரு வகுப்பிலேயே போய்விடுகிறது. பொத்தானில் 'மேலும் அறிய' என்று போடாமல், அழுத்தினால் என்ன நடக்குமோ அதையே எழுதுங்கள். கட்டணத்தை அதன் பக்கத்திலேயே வெளிப்படையாகப் போடுங்கள். 'தொடர்புகொண்டு கேட்கவும்' என்று எழுதினால் கேட்கக் கூச்சப்படுபவர்களை இழப்பீர்கள்.

முழு வரவேற்புரை

சரி, எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது. பொத்தானுக்குப் பக்கத்தில் உங்கள் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

> நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து இடுப்பும் தோளும் இறுகிப்போனவர்களுக்கான யோகா வகுப்பு இது. திங்கள், புதன், வெள்ளி இந்திய நேரம் காலை 6 முதல் 7 வரை, நேரலையில்.
>
> இதுவரை யோகா செய்ததே இல்லையா? குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லையா? அங்கிருந்தே தொடங்கலாம். முதல் பத்து நிமிடம் மூட்டுகளைத் தளர்த்துவோம். பிறகு அரை மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் செய்யும் ஆசனங்கள், பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, கடைசியில் பத்து நிமிடம் சவாசனம். சில வாரங்கள் போனதும் காலையில் எழும்போது இடுப்பு அவ்வளவு இறுக்கமாக இல்லை என்று பலர் சொல்கிறார்கள்.
>
> வகுப்பில் 12 பேர்தான். நீங்கள் ஆசனம் செய்யும்போது நான் செய்யமாட்டேன், உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் கேமராவை இயக்கி வைக்க வேண்டும். உங்களை நான் மட்டுமே பார்ப்பேன், மற்றவர்களுக்குத் தெரியாது. மேட் விரிக்க இடமும் கேமரா வைக்க ஒரு நாற்காலியும் போதும். வர முடியாத நாளுக்கு, என்னை மட்டும் எடுத்த ஒளிப்பதிவு ஒரு வாரம் வரை கிடைக்கும்.
>
> கர்ப்பமாக இருந்தாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, முதுகு, கண், ரத்த அழுத்தம் தொடர்பாக மருத்துவரைப் பார்த்துவந்தாலோ சேரும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.
>
> ஒன்பது ஆண்டுகளாக நேரில் கற்றுக்கொடுக்கிறேன். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்கிறேன். இணையத்தில் இது என் முதல் வகுப்பு.
>
> [முதல் வகுப்புக்கு இலவசமாக வருகிறேன்]

எங்குமே 'வரவேற்கிறோம்' இல்லை. ஒரு தோழி அதைச் சுட்டிக்காட்டினாள். சேர்த்துப் பார்த்தேன், எந்த இடத்திலும் ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். உங்களுக்கு 'வணக்கம்' வேண்டுமென்றால் முதல் வரிக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போடலாம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

யோகா செய்யாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து அரை நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்கான வகுப்பு, என்றைக்கு நடக்கிறது, சேர என்ன செய்ய வேண்டும்? ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றால் அந்த விவரம் கீழே போய்விட்டது என்று அர்த்தம், மேலே ஏற்றுங்கள். என் அண்ணன் முதல் இரண்டுக்கும் சொல்லிவிட்டார், மூன்றாவதில் விழித்தார். பொத்தானில் அப்போது 'பதிவு' என்று மட்டும் இருந்தது. வகுப்புப் பதிவைப் பார்ப்பதற்கான பொத்தான் என்று நினைத்திருக்கிறார். சேர்வதும் பதிவுதான், ஒளிப்பதிவும் பதிவுதான், அவர் என்ன செய்வார்!

அப்புறம் உரக்கப் படித்துப் பாருங்கள். மாணவரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும் வரி எழுத்திலும் வேண்டாம்.

வெளியிட்ட பிறகு அந்தப் பழைய கேள்வித் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் வருகிற கேள்விகளை அதிலேயே தொடர்ந்து எழுதுங்கள். எனக்குக் கேமராக் கேள்வி நின்றுபோனது, முழங்கால் கேள்வி நிற்கவில்லை. உட்கார்ந்து செய்யும் ஆசனங்கள் என்று படித்தவுடனே தரையில் சம்மணமிட முடியாதவர்கள் தயங்கியிருக்கிறார்கள். 'தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் செய்யலாம்' என்று இரண்டாவது பத்தியில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த வாரம் புதிதாக வந்த மூவரில் இருவர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்கள்.